வேளாங்கண்ணி நடைக்கு 420 கிராம் ஷூவா, 260 கிராம் ஷூவா?

அரியாங்குப்பம் அருள்: ஆகஸ்ட் கடைசியில் புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடை. ஒரு நாளைக்கு 30 கி.மீ. கணக்கு. கையில் ரெண்டு ஷூ இருக்கு. ஒன்று ஒற்றைக் காலுக்கு 420 கிராம், இன்னொன்று 260. கனம் குறைஞ்சா உண்மையிலேயே சோர்வு குறையுமா? நடந்து பார்த்தவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் வாசி: இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? ஒரு எட்டுக்கு 70 செ.மீ. வைங்க. 30 கி.மீ.க்கு 43,000 எட்டு, ஒரு காலுக்கு 21,500. ஒவ்வொரு தடவையும் 160 கிராம் மிச்சம். பெருக்கினா 3,400 கிலோவுக்கு மேல! ஒரே நாளில் ஒரு காலுக்கு மூணரை டன் தூக்குறதை விட்டுடலாம்.

தவளக்குப்பம் அக்கா: பெருக்கல் சரி, அர்த்தம்தான் தப்பு. அந்த 160 கிராமைக் காலோடு சில சென்டிமீட்டர்தான் தூக்குறோம். செலவு பெரும்பாலும் காலை முன்னால் வீசறதுலயும், திரும்ப நிறுத்துறதுலயும் போகுது. அதனால்தான் பாதத்தில் கட்டின 1 கிலோ, முதுகில் 4 முதல் 6 கிலோ சுமந்த மாதிரி உழைப்பு வாங்கும். பட்டாளத்துக்காரங்க பூட்ஸுக்காக இதை அளந்தே பார்த்திருக்காங்க.

அருளோட கணக்குக்கு வாங்க. ரெண்டு காலுக்கும் சேர்த்து வித்தியாசம் 320 கிராம். ஐந்தால் பெருக்கினா முதுகில் 1.6 கிலோ, அதாவது பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலா இருக்கிற மாதிரி. ஒரு ஷூவுக்கு 100 கிராமுக்கு உழைப்பு 1 சதவீதத்தை ஒட்டிக் கூடும்னு வச்சா, 30 கி.மீ.க்குப் பதிலா முப்பதரை நடந்த மாதிரி. மூணரை டன்னும் இல்லை, ஒண்ணுமில்லாமலும் இல்லை.

ஆனா அந்த அரை கி.மீ. உடம்பு முழுக்கப் பரவாது. தொடையைத் தூக்குற இடுப்பு முன்தசையும், பாதத்தைத் தூக்குற கணுக்கால் முன்தசையும்தான் முதல்ல ஓயும். கூட வர்றவங்க ஷூ முனை தார்ல 'சர்ர்' னு உரசற சத்தம் சாயங்காலம் கேட்கும். அது கேட்டா அவருக்கு ஷூ கனம்னு அர்த்தம், இல்லைன்னா ஓய்வு வேணும்னு அர்த்தம்.

தேவனாம்பட்டினம் காற்று: ஷூவே வேண்டாம். ஹவாய் செருப்பை விட இலேசானது எது? பாதிப்பேர் அதுலதானே போறாங்க.

தவளக்குப்பம் அக்கா: இலேசுதான், ஆனா அது நழுவாம இருக்க ஒவ்வொரு எட்டுக்கும் விரலை மடக்கிப் பிடிக்கணும். கிராமில் மிச்சம் பிடிச்சதை விரல் செலவு பண்ணிடும். பின்பட்டி இருக்கிற சாண்டல்னா வேற பேச்சு.

முதுநகர் பட்டறை: ஷூ பிரிச்சுப் பார்க்கிற வேலைக்காரன் பார்வையில சொல்றேன். 160 கிராம் சும்மா குறையலை, எதையோ எடுத்திருக்காங்க. முதல்ல போறது அடிரப்பர். குதிகாலிலும் முன்னாலும் மட்டும் துண்டு ரப்பர், நடுவுல வெறும் நுரை தார்ல தேயும். அடுத்து குதிகாலைச் சுற்றி இருக்கிற கெட்டி அட்டை. பின்பக்கத்தை ரெண்டு விரலால அமுக்கினா ஒட்டிக்கிட்டா, அது இல்லை. மூணாவது, நுரையோட அடர்த்தி.

கடைசியா சொன்னதுதான் தொடர்நடைக்கு வில்லங்கம். நுரை அமுங்கினா திரும்ப எழ நேரம் வேணும். தினமும் 30 கி.மீ.ன்னா, அதுவும் சூடான தார்லன்னா, இலேசான நுரை எழ மறுக்கும். ஷூவை மேசையில வச்சுப் பின்னாலிருந்து பாருங்க. நுரையோட பக்கவாட்டில் கிடைக்கோடா சுருக்கம் விழுந்து, ஷூ ஒரு பக்கம் சாய்ஞ்சா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரோட்டோரச் சரளையில ஒவ்வொரு ஜல்லியும் விரலடியில தெரியும். காலையில முதல் அடி வைக்கும்போது பாதம் வலிக்கும். அந்த வலி கனமான ஷூ தர்ற அசதியை விட மோசம், ராத்திரி தூங்கினா போகாது.

மஞ்சக்குப்பம் வாசி: அப்போ 420-தான்னு சொல்றீங்களா அண்ணே?

முதுநகர் பட்டறை: அப்படியும் சொல்லலை. 420 கனமா இருக்கிறது மெத்தைத் துணியாலன்னா அது வீண் கனம், மழையில தண்ணியும் குடிக்கும். வீட்டுத் தராசுல காய்ந்த எடை போடுங்க. ஒரு நிமிஷம் வாளியில முக்கி, நல்லா உதறி, திரும்ப எடை போடுங்க. 100 கிராம் கூடினாலும் ஆச்சரியமில்லை. வலைத்துணி ஷூ தண்ணியை விட்டுடும், ஆனா கடலோர மணலை உள்ளே விடும்.

கிருமாம்பாக்கம்: எனக்கு 88 கிலோ, குதிகால் வலி வேற. எனக்கும் இதேதானா?

தவளக்குப்பம் அக்கா: உங்க எடைக்கு நுரை இன்னும் சீக்கிரம் படுக்கும். 260 பக்கம் போகாதீங்க சார். அருளுக்கு: 260-ல பழைய உள்தாளை எடுத்துட்டு, முன்பாதம் வரைக்கும் கெட்டியா இருக்கிற உள்தாள் போட்டா 30 கிராம் கூடும், ஜல்லிக்குத்து குறையும். போட்டுக்கிட்டு ஒரு ஞாயிறு கடலூர் வரை, சுமார் 22 கி.மீ., முழுப் பையோட நடந்து பாருங்க.

முதுநகர் பட்டறை: உள்தாள் குத்தலைத்தான் நிறுத்தும் அக்கா, நுரை படுக்கிறதை நிறுத்தாது. நான்காம் நாளுக்கு அது போதாதுன்னுதான் எனக்குப் படுது.

அரியாங்குப்பம் அருள்: ரெண்டையும் எடை போட்டேன். 420-ன்னு சொன்னது 446 காட்டுது. கடைக்காரர் சின்ன சைஸ் எடையைச் சொல்லியிருக்கார் போல. வாளிச் சோதனை நாளைக்கு.