நெய்யை எப்போது இறக்குவது?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வழக்கமாக 10 நாள் பாலாடையை உறை ஊற்றிக் கடைந்து, வெண்ணெயை மோர் போகக் கழுவிக் காய்ச்சுவேன். அரை மணி நேரத்தில் மணமான நெய் வந்துவிடும். இந்த முறை சோம்பல். ஆடையை அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டேன். அதில் நீரும் கசண்டும் அதிகம் என்பதால் ஒன்றரை மணி நேரம் கிளறியும் அடிப்பிடித்தது.

சடசடப்பு குறைந்ததும் இறக்கினேன். போட்ட முருங்கைக்கீரை மொறுமொறுப்பாகாமல் துவண்டே கிடந்தது. மறுநாள் பாட்டிலின் அடியில் கலங்கலாக ஒரு படலம். ஏற்காட்டு அத்தையோ, "இரண்டாம் முறை நுரை பொங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்" என்கிறார். ஆடை நெய்யில் கசண்டு அதற்கு முன்பே சிவந்துவிடுகிறதே, எதை நம்பி இறக்குவது? இந்த நெய்யை வடிகட்டி மறுபடி காய்ச்சினால் தெளியுமா?