நேர்காணலில் குறித்தெடுக்கும் இடங்களுக்கு ஒரு சொல்

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு வகுப்பு. ஒன்றரை மணி நேர நேர்காணலின் எழுத்துப்படியை வாசித்து, ஒரு நிமிடத் துண்டுகளுக்கு ஏற்ற இடங்களைக் குறித்துப் படத்தொகுப்பாளரிடம் தர வேண்டும். அந்த இடங்களைத் தொகுப்பறையில் 'செலக்ட்ஸ்' என்கிறோம். கையேட்டில் என்ன போடலாம்?

இராமநாதன்:
'தெரிவு' இருக்கிறதே அம்மா. தெரிதல் என்றாலே ஆராய்ந்து எடுத்தல். குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். இலங்கையில் தெரிவுக்குழு இன்றும் புழக்கம்.

முருகேசன்:
ஐயா, இங்கே 'தெரிவு' என்றால் பையன்கள் 'தெரியும்' என்பதோடு குழப்பிக்கொள்வார்கள். 'நறுக்கு' போடுங்கள். ஓலை நறுக்கு உண்டு, 'நறுக்குத் தெறித்தாற்போல்' என்ற வழக்கும் உண்டு. அப்படி இருக்கும் வரிகளுக்கு மஞ்சள் அடித்தால் வேலை முடிந்தது.

தேவி:
மஞ்சள் அடித்தால் முடியாது தம்பி, நான் வெட்டுகிறவள். போன மாதம் ஒரு குளத்து மடைக்காரர் பேட்டி. "அதைத் திறந்தா ஊரே முங்கிடும்னு அன்னைக்கே சொன்னேன்." தாளில் அருமையான வரி. முதல் சிக்கல், 'அது' எது? மதகு என்ற சொல் கேள்வியில்தான் இருந்தது. கேள்வியை நீக்கினால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. அதைத் திரையில் எழுத்துப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டாவதுதான் பெரிது. தட்டச்சு செய்தவர் 'சொன்னேன்' என்றதும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ஒலியைக் கேட்டால் குரல் இறங்கவே இல்லை. அதே மூச்சில், "ஆனா நான் பயந்த மாதிரி ஆகல, கீழத்தெருதான் முங்குச்சு" என்கிறார். புள்ளியில் வெட்டினால் காதுக்கும் அறுந்தது தெரியும், அவர் சொல்லாததைச் சொன்னதாகவும் ஆகிவிடும். இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே எடுத்தேன். அதனால் குறிக்கிறவர் ஒலியைக் கேட்டுவிட்டுக் குறிக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு விநாடி கூடுதலாகக் கொடுத்தால் எனக்கு வெட்ட இடம் கிடைக்கும். அந்த நிலையில் எதுவும் நறுக்கப்படவில்லை, ஆகவே 'நறுக்கு' சரிவராது.

பாஸ்கர்:
இதழ்களில் நடுவே பெரிய எழுத்தில் போடுவதைத்தானே கேட்கிறீர்கள்? நாங்கள் 'பெட்டிச் செய்தி' என்போம். அப்புறம், வீடியோவில் எனக்கு நேர்ந்தது வேறு. நான் குறித்த நேரம் எதுவும் தொகுப்பாளரின் திரையில் பொருந்தவே இல்லை.

தேவி:
அண்ணா, பெட்டிச் செய்தி வேறு. நேரச் சிக்கலுக்குக் காரணம் இருக்கும். ஒலிக்கோப்பிலிருந்து எடுத்த எழுத்துப்படி 00:00:00-இல் தொடங்கும். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் காலக்கோடு வழக்கமாக 01:00:00:00-இல் தொடங்கும். வித்தியாசம் சரியாக ஒரு மணி நேரம் என்றால் அதுதான். நேரத்தோடு முதல் நான்கு சொற்களையும் எழுதிக் கொடுங்கள், தேடி எடுத்துவிடுவோம்.

இராமநாதன்:
'நறு' என்ற அடியிலிருந்து நறுமணமும் வரும், நறுக்கலும் வரும். இரண்டும் ஒரே வேரா என்று பார்க்க வேண்டும்...

செல்வி:
ஐயா, அதைத் தனி இழையில் தொடருங்கள். குறித்த இடத்துக்குத் 'தெரிவு', வெட்டிய பிறகு 'நறுக்கு' என்று இப்போதைக்குப் போடுகிறேன். 'செலக்ட்ஸ்' என்பதையும் பக்கத்தில் வைக்கிறேன்.

முருகேசன்:
இரண்டு சொல் எதற்கு? என் வாக்கு நறுக்குக்குத்தான்.