பாடகர் குழுவுக்கு 10 நிமிடப் பாடம்: யோசனை வேண்டும்

எங்கள் பாடகர் குழுவில் சுருதி பிசகாது. ஆனால் போன பயிற்சியில் "ஓசன்னா என்றால் என்ன?" என்று கேட்டேன். எல்லாரும் "துதி" என்றார்கள். எபிரெயத்தில் அது "இரட்சியும்" என்ற கெஞ்சல். சங்கீதம் 118:25-இல் இருக்கிறது. எருசலேம் வீதியில் அது வாழ்த்தாகவும் ஒலித்தது என்பது சரிதான், ஆனால் உள்ளே இருப்பது கூக்குரல். நாங்களோ அதைப் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி பாடிக்கொண்டிருக்கிறோம்!

அல்லேலூயா இதற்கு நேர்மாறு. "கர்த்தரைத் துதியுங்கள்" என்று பன்மையில் சொல்வது, அதாவது சபையைப் பார்த்துச் சொல்வது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் "இது யாரிடம் பேசுகிறது?" என்று கேட்டு, தாளில் "தே" (தேவன்), "ச" (சபை) என்று குறிக்கச் சொன்னேன். ஒரே பாட்டில் மூன்று இடத்தில் ஆள் மாறியது. அப்புறம் மெட்டில்லாமல் வாசித்தோம். ஓசன்னாவில் குரல் தானாகவே தாழ்ந்தது.

சிக்கல் என்னவென்றால், மெட்டோடு பாடியதும் பழையபடி வேகம் வந்துவிடுகிறது. குழு நடத்துபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" போல தன்னோடு பேசும் வரிகளுக்கு என்ன குறி போடுவது?