10 கிலோவும் 10 பாரும் ஒன்றென்று முள்ளைப் பிடுங்கினேன்

பம்ப்ரூம்: ரெண்டு வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. 16 வரை போகும் பழைய பிரஷர் கேஜ், டயலில் kg/cm² என்று இருக்கும். சரிபார்க்க வைத்த மாஸ்டர் கேஜ் புதுசு, பாரில் காட்டும். மாஸ்டர் 10-ஐத் தொட்டதும் பழையதைப் பார்த்தேன், முள் 10.2-ல் நின்றது. அதிகம் காட்டுகிறது என்று முடிவுகட்டி, முள்ளைக் கழற்றி 10-க்கு நேராகக் குத்திவிட்டேன். அடுத்த முறை பம்ப் அடித்தபோது மாஸ்டர் நகர ஆரம்பித்தது. பழைய முள்ளோ பூஜ்யத்தில் இருக்கும் தடுப்பு ஊசியோடு ஒட்டிக்கொண்டு முதலில் எழவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. 10 பார் என்றால் 10.197 கிலோ. கேஜ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பழைய ஃபிட்டர்: இதற்கா இவ்வளவு வருத்தம்? 1.6 கிளாஸ் கேஜ் என்றால் 16 கிலோ டயலில் கால் கிலோ வரை முன்னே பின்னே இருக்கலாம். உங்கள் 0.2 அதற்குள் வந்துவிடுகிறது. நான் கிலோவையும் பாரையும் ஒன்றாகத்தான் எழுதுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

அளவுகோல்: ஃபிட்டர் அண்ணே, கணக்கு சரி, முடிவு சரியில்லை. கேஜின் பிழை எந்தப் பக்கமும் போகும். அலகு வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம்தான், பிழையோடு சேர்ந்துகொள்ளும். 250 கிலோ ஹைட்ராலிக் லைனில் உண்மையில் 245 பார்தான், ஐந்து பார் போய்விடும்.

பம்ப்ரூம், முள்ளில் கை வைக்குமுன் மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். மாஸ்டரில் 4, 10, 15 பார் வையுங்கள். பழையது 4.08, 10.2, 15.3 என்று காட்டினால், வித்தியாசம் அழுத்தத்தோடு கூடவே வளர்கிறது. அது பெரும்பாலும் அலகுதான். மாஸ்டர் காட்டுவதைக் கிலோவாக மாற்றிய பிறகும் மூன்றிலும் அதே 0.2 வித்தியாசம் என்றால் முள் நகர்ந்திருக்கிறது, அப்போது கழற்றலாம். ஏற்றும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று காட்டினால் உள்ளே உராய்வு இருக்கலாம். டயலைப் படிக்குமுன் கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

கம்ப்ரஸர்: என் கதை பாஸ்கலில். 7 கிலோவில் நிற்க வேண்டிய கம்ப்ரஸருக்குப் புது ஸ்விட்ச், திரையில் MPa. 7-ஐ 98066.5-ஆல் பெருக்கினால் 6,86,465 பாஸ்கல், அதாவது 0.686 MPa. நான் பாருக்கு வந்த 6.86-ஐ அப்படியே அடித்துவிட்டேன். மோட்டார் நிற்கவே இல்லை. சேஃப்டி வால்வு சீறியதும் கை தானாகவே மெயின் ஸ்விட்ச்சுக்குப் போனது. இப்போது அடித்ததை 10-ஆல் பெருக்கிப் பார்ப்பேன், கிலோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

புதியவன்: எனக்கும் இதே பிரச்சினை! குழாயைத் திறந்து வைத்தாலும் சென்சார் 1.01 பார் காட்டுகிறது. 0.98-ஆல் பெருக்கினால் சரியாகிவிடுமா?

அளவுகோல்: ஆகாது. அது வெளிக்காற்றையும் சேர்த்து அளக்கும் சென்சார். பழைய கேஜோடு ஒப்பிட வேண்டுமென்றால் அந்த 1.01-ஐக் கழியுங்கள், பெருக்க வேண்டாம்.

பழைய ஃபிட்டர்: பெரிய லைனுக்குச் சரி. 16 கிலோ டயலில் அரை கிலோ கோடுதான் இருக்கும், 0.08-ஐ எந்தக் கண்ணால் படிப்பது?

பம்ப்ரூம்: 4-ல் எனக்கும் தெரியாது அண்ணே, 15-ல் தெரியும். முள்ளைத் திரும்ப வைத்துவிட்டேன், ஆனால் தண்டில் இறுக்கமாக உட்காரவில்லை. இதே கேஜை வைத்துக்கொள்ளலாமா?