ஓனருக்கு மூன்று நினைவுநாள்

கோவை நூல் கடைக்காரன்

எங்கள் நண்பன் 2021 தீபாவளி அன்று மதியம் மாரடைப்பில் போய்விட்டான். 41 வயது. ஹாஸ்டல் வாசலில் இருந்த டீக்கடையில் எங்கள் எல்லோர் கணக்கும் அவன் பேரில்தான் ஓடும், அதனால் அவனுக்கு ‘ஓனர்’ என்று பெயர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே ‘ஓனர் நினைவாக’ என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். முதலில் நாங்கள் 38 பேர். அப்புறம் அவன் மனைவி, அக்கா, மச்சான், சித்தப்பா என்று வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள்.

முதல் வருஷம் 2022 நவம்பர் 4 அன்று காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். ஆளாளுக்குப் போட்டோ. ‘ஒரு வருடம் ஆகிவிட்டது நண்பா’ என்று கவிதைகள். அதற்கு வரிசையாக அழுமூஞ்சிகள். மதியம் அவன் அக்கா தனியாகப் போன் பண்ணினார். “தம்பி, அக்டோபர் 25-ஆம் தேதியே தலைத்திவசம் கொடுத்துட்டோம். அன்னைக்கு உங்கள்ல ஒருத்தர் கூடக் கூப்பிடல. அவ இப்பத்தான் கொஞ்சம் எழுந்து வேலைக்குப் போக ஆரம்பிச்சா, திரும்பவும் படுத்துட்டா” என்றார்.

அடுத்த வருஷம் கூத்து வேறு மாதிரி. தீபாவளி நவம்பர் 12. அதே குழுவில் எங்கள் ஆள் ஒருவர் பட்டாசு வெடிக்கிற வாழ்த்துப் படத்தை ஃபார்வர்டு பண்ணிவிட்டார். எல்லாக் குழுவுக்கும் மொத்தமாகத் தட்டிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஓனர் போனது தீபாவளி அன்று.

இப்போது எங்களுக்குத் தேதி ஒரு நாள், வீட்டுக்குத் திதி ஒரு நாள், ஊருக்குத் தீபாவளி ஒரு நாள். உங்கள் குழுக்களில் இதை எப்படி நடத்துகிறீர்கள்?

சேலம் மெடிக்கல் ரெப்

திதி ஒவ்வொரு வருஷமும் 11 நாள் முன்னால் வரும், அவ்வளவுதான். கணக்குப் போட்டுக் குழு விவரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். ரியாக்‌ஷனுக்கும் ஒரே விதி: அழுமூஞ்சி அல்லது கும்பிடு. கட்டைவிரல் போட்டால் வெளியேற்றம்.

மயிலாப்பூர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர்

தம்பி சொன்ன 11 பாதி சரி. சந்திரனின் 12 மாதம் 354 நாள், அதனால் அடுத்த வருஷம் அதே திதி சுமார் 11 நாள் முன்னால் வரும். ஆனால் நம் பக்கத்தில் தமிழ் மாதத்தையும் விடமாட்டோம். ஐப்பசி மாதத்து அமாவாசை என்றால் அது ஐப்பசிக்குள்தான் வரவேண்டும். முன்னால் தள்ளிக்கொண்டே போய்ப் புரட்டாசியில் விழுகிற நேரத்தில், அதற்கடுத்த அமாவாசையைப் பிடித்துக்கொள்வோம். அந்த வருஷம் மட்டும் ஒரு மாதம் கூடிவிடும்.

உங்கள் நண்பர் விஷயத்தையே பாருங்கள். 2021 நவம்பர் 4 மதியம் ஐப்பசி அமாவாசை. 2022-இல் அதே அமாவாசை அக்டோபர் 25, பத்து நாள் முன்னால். அன்று மாலை சூரிய கிரகணம் வேறு. 2023-இல் அது நவம்பர் 13, தேதிக்கு ஒன்பது நாள் பின்னால். அதனால் கணக்குப் போட்டு எழுதி வைக்காதீர்கள், தப்பும். சில வருஷம் அமாவாசை பாதி நாள் இன்று, பாதி நாள் நாளை என்று விழும். எந்த நாள் என்று அந்த வீட்டில் திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார்தான் முடிவு செய்வார். ஐப்பசி பிறந்ததும் ஒருவர் போன் பண்ணி, “என்னைக்கு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால் போதும்.

என் தம்பிக்காக அவன் நண்பர்கள் வைத்திருக்கும் குழுவில் திதி அன்று யாரும் எதுவும் போடுவதில்லை. ஒருவர் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். தேதி அன்று அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்வார்கள், நாங்கள் குறுக்கே போவதில்லை.

வேலூர் நர்ஸ்

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் பேஸ்புக்கில். என் அண்ணன் போய் மூன்று வருஷம். அவன் பிறந்தநாளுக்கு இன்னும் ‘நூறாண்டு வாழ்க’ என்று எழுதுகிறார்கள். நூல் கடை அண்ணா, இதை எப்படி நிறுத்துவது?

கோவை நூல் கடைக்காரன்

நான் கேட்டது வாட்ஸப் பற்றி, தங்கச்சி. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெங்களூரு சாஃப்ட்வேர்காரி

எங்கள் தோழிக்கு நான்தான் செய்தேன். இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி ஒரு படிவம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழோ அஞ்சலி விளம்பரமோ இணைக்க வேண்டும். மாறியதும் பெயருக்கு மேலே Remembering என்று வரும், பிறந்தநாள் நினைவூட்டல் யாருக்கும் போகாது.

ஆனால் படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். மாறிய பிறகு பாஸ்வேர்டு தெரிந்தாலும் யாரும் உள்ளே போக முடியாது. முகப்புப் படத்தை மாற்ற வேண்டுமானால், அவர் உயிரோடு இருக்கும்போதே Legacy contact என்று ஒருவரை நியமித்திருக்க வேண்டும். எங்கள் தோழி நியமிக்கவில்லை. கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டையும் போட்ட ஒரு படம் அப்படியே நின்றுவிட்டது. அவள் அம்மாவுக்கு அந்தப் படம் பிடிக்கவே பிடிக்காது.

திருநெல்வேலி டீச்சர்

ரியாக்‌ஷன் விதி போட்ட தம்பிக்கு ஒரு கதை. எங்கள் செட்டில் போன தோழியின் பெரியப்பாவுக்கு 74 வயது. நினைவுநாள் அன்று அவள் கணவர் எழுதிய நீளமான பதிவுக்கு அவர் போட்டது 😂. எல்லோரும் அதிர்ந்துபோனோம். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட்டுத் திட்டவே ஆரம்பித்துவிட்டார். நான் போன் பண்ணிக் கேட்டேன். “கண்ணுல ரெண்டு பக்கமும் தண்ணி கொட்டுதேம்மா, அதான் அழுகைன்னு போட்டேன்” என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான். 😢 பொம்மைக்கு ஒரே ஒரு சொட்டு, இதற்கு இரண்டு பக்கமும் அருவி.

கட்டைவிரலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது ‘பார்த்துவிட்டேன்’ என்பதற்கு அடையாளம். அதற்காக வெளியேற்றினால் குழுவில் வீட்டார் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

டொரன்டோ யாழ்ப்பாணத்தான்

எங்கட பிரச்சினை படம். நண்பன் ஒருத்தன் இங்க தவறினவன். அம்மா ஊரில, குழுவில இருக்கிறா. அந்தியேட்டிக் காரியத்துக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகத்தில வேட்டி சால்வையோட ஒரு படம், அதுதான் அம்மா அறிஞ்ச பிள்ளை. ஆட்டைத் திவசத்தண்டு எங்கட பெடியன் ஒருத்தன் பியர் கிளாஸோட ஒரு படம் போட்டிட்டான். நல்ல சிரிப்பு அதில, எனக்கும் பிடிச்ச படம். அம்மா ஒண்டும் சொல்லேல்ல. அண்டைக்குப் பிறகு அவ குழுவில ஒரு வரியும் எழுதினதில்லை. இப்ப ரெண்டு குழு வச்சிருக்கிறம், ஒண்டு வீட்டோட, ஒண்டு நாங்கள் மட்டும். ஏமாத்துற மாதிரி இருக்கெண்டு சில பேருக்கு இன்னும் கோபம்.

வாணியம்பாடி தோல் வியாபாரி

எங்கள் வீட்டில் மௌத்தானவர் படத்தை மாட்டி வைக்கும் பழக்கம் இல்லை. என் தம்பியின் கல்லூரி நண்பர்கள் பாசத்தில் அவன் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு எல்லாம் வைத்து டிசைன் பண்ணி அனுப்பினார்கள். அம்மா அதை எடுத்துவிடச் சொன்னார். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, நாலு நாள் தள்ளிப் போட்டேன். சொன்னதும் அவர்கள் வருத்தப்பட்டு உடனே அழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வாட்ஸப்பில் இரண்டு நாள் சொச்சத்துக்குள்தான் எல்லோருக்குமாக அழிக்க முடியும், அதற்குப் பிறகு அவரவர் போனில் மட்டும்தான். அழித்திருந்தாலும் பலர் கேலரியில் தானாகச் சேமிப்பாகியிருக்கும். ஆகவே சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கோவை நூல் கடைக்காரன்

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். எங்கள் பழைய வகுப்புக் குழுவில் ஓனர் நம்பர் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி அவன் பெயர் போட்டு left என்று வந்தது. அவன் மனைவி கோபத்தில் வெளியேறிவிட்டார் என்று நினைத்து, நான் ஒரு மாதம் அவரிடம் பேசவே தயங்கினேன்.

சேலம் மெடிக்கல் ரெப்

ரீசார்ஜ் பண்ணாமல் விட்டிருப்பார்கள், அதான்.

பெங்களூரு சாஃப்ட்வேர்காரி

ரீசார்ஜ் அல்ல. சிம்மில் காசு இல்லாவிட்டாலும் வைஃபையில் வாட்ஸப் ஓடும். 120 நாள் போல அந்தக் கணக்கு இணையத்தையே தொடாமல் இருந்தால் வாட்ஸப் அதை அழித்துவிடும், அப்போது குழுக்களில் இருந்தும் போய்விடும். போனை எப்போது அணைத்தார்கள்?

கோவை நூல் கடைக்காரன்

பதினாறாம் நாள் அன்று. நவம்பர் 20 வாக்கில்.

பெங்களூரு சாஃப்ட்வேர்காரி

எண்ணிப் பாருங்கள், மார்ச் இருபது தாண்டும். ரீசார்ஜ் வேறு விதத்தில் முக்கியம். சிம்மைச் சும்மா விட்டால் அந்த நம்பர் பிற்பாடு வேறொருவருக்குப் போகும். ஒரு நாள் உங்கள் போனில் ‘ஓனர்’ என்ற பெயரில் யாரோ ஒரு குழந்தையின் படம் தெரியும். எனக்குத் தெரிந்தது.

தஞ்சாவூர்

நான் இப்படிப்பட்ட குழுவில் மனைவியாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் 😢 சரியா 🙏 சரியா என்று பேசுகிறீர்கள். நான் ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு ரியாக்‌ஷனுக்கும் என் போன் ஒளிரும். அறுபது பேர் அழுதால் ராத்திரி பதினொன்று வரை அறுபது தடவை. இப்போதெல்லாம் எழுதுவதே இல்லை. வெளியேறினால் கோபம் என்று நினைப்பார்கள் என்பதால் ஆர்க்கைவில் போட்டிருக்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது ஒரே பதிவைத்தான். அவர் 1999-இல் திருச்சி பஸ் ஸ்டாண்டில் தூங்கிப்போய்ச் செருப்பைத் திருட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு இன்டர்வியூவுக்குப் போன கதை. எனக்கு அவர் சொல்லவே இல்லை. அதற்கு நான் 😂 போட்டேன். உடனே எல்லாரும் தங்கள் 😢-ஐ எடுத்துவிட்டு 😂 போட்டார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

சேலம் மெடிக்கல் ரெப்

சரிங்க அக்கா, விதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோவை நூல் கடைக்காரன்

நேற்று அவன் மனைவிக்குப் போன் பண்ணினேன். திதி என்றைக்கு என்று அவரே சொல்கிறேன் என்றார். தீபாவளி வாழ்த்துப் பற்றிக் கேட்டபோது, “பசங்க வெடிக்கிறாங்கண்ணா, நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?” என்றார். குழுவில் வாழ்த்துப் போடலாம் என்றாரா, கூடாது என்றாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த மூன்று நாளும் அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி மாற்றி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். குழுவின் முகப்பில் வைத்திருப்பது 2001-இல் டீக்கடை முன்னால் எடுத்த பிலிம் போட்டோ. நான்தான் ஓனரை மட்டும் வெட்டி எடுத்து வைத்தேன். “அவர் தோள்ல நாலு விரல் தெரியுதே, அது யார் கைண்ணா? மூணு வருஷமா பாத்துட்டே இருக்கேன். முழுப் போட்டோ இருந்தா அதையே போடுங்களேன்.”

முழுப் போட்டோ என்னிடம் இருக்கிறது. அதில் ஏழு பேர். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பணத் தகராறில் எங்களைவிட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிறது, குழுவிலும் இல்லை. அவனைக் கேட்காமல் போடக்கூடாது. நம்பர் தேடிக்கொண்டிருக்கிறேன்.