‘பட் ஃபார் டெஸ்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி: சட்டப் பாடநூல் ஒன்றில் கவனக்குறைவு பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். கவனக் கடமை, கடமை மீறல், காரணத் தொடர்பு, சேதம் என நான்கும் சரியாக அமைந்துவிட்டன. மூன்றாவதைச் சோதிக்கும் ‘பட் ஃபார் டெஸ்ட்’டுக்கு ‘காரணச் சோதனை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

இராமநாதன்: அது எந்தச் சோதனைக்கும் பொருந்திவிடும், அம்மா. பாடத்தில் பார்னெட் வழக்கு இருக்குமே, அதை வைத்துப் பாருங்கள். 1966 புத்தாண்டுக் காலையில் தேநீர் குடித்த மூன்று காவலாளிகள் வாந்தியோடு லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குப் போனார்கள். பணியிலிருந்த மருத்துவர் நேரில் வந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தங்கள் மருத்துவரை அழைக்கச் சொல்லிச் செவிலியர் மூலம் சொல்லி அனுப்பினார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. மருத்துவர் பார்த்திருந்தாலும், அது ஆர்சனிக் என்று கண்டுபிடித்து மாற்று மருந்து கொடுப்பதற்குள் உயிர் போயிருக்கும் என்பது சாட்சியத்தில் தெரிந்தது. மருத்துவமனை மீது போட்ட வழக்கு தோற்றது. ‘அது இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா’ என்பதே கேள்வி. ‘இன்றேல் சோதனை’ என்பேன்.

கதிர்: ஆக, மருத்துவமனை கவனக்குறைவாக நடக்கவில்லை என்று தீர்ப்பு. சொல் நன்றாக இருக்கிறது.

இராமநாதன்: இல்லை, கதிர். கடமை இருந்தது, அதை மீறியதும் உண்மை என்றே நீதிபதி சொன்னார். அந்த மீறலால்தான் சாவு என்பது மட்டும் நிரூபணமாகவில்லை.

மீனாட்சி: என் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு இரண்டு நாள் தாமதமாக வந்தது. வழக்குப் போட்டால் இழப்பீடு கிடைக்குமா?

இராமநாதன்: இங்கிருந்து சொல்ல முடியாதும்மா. அந்த இரண்டு நாளில் சிகிச்சை மாறியிருக்குமா, அம்மாவின் நிலை தேறியிருக்குமா என்று வழக்கறிஞரும் கேட்பார், மருத்துவரும் கேட்பார். ஆவணங்களை எடுத்து வையுங்கள்.

செல்வி: ‘இன்றேல்’ என்றதும் மாணவர்கள் ‘இல்லாவிட்டால் தண்டனை’ என்பது போலப் படிப்பார்கள். ‘நீக்கல் சோதனை’ எப்படி? மீறலை நீக்கிப் பார்க்கிறோம்.

இராமநாதன்: பார்னெட்டில் மருத்துவர் செய்ததை நீக்கவில்லையே. செய்யாமல் விட்டதைச் செய்ததாக வைத்துப் பார்த்தோம். ‘நீக்கல்’ என்று கற்றவர் அங்கே தடுமாறுவார்.

செல்வி: அப்படியானால் ‘மீறாதிருந்தால் சோதனை’? செய்ததற்கும் பொருந்தும், செய்யாததற்கும் பொருந்தும். எதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் பெயரிலேயே தெரிகிறது.

இராமநாதன்: நீளம்தான், ஆனால் பிழையில்லை. இருவர் தனித்தனியே மூட்டிய தீ ஒரே வீட்டை எரித்தால் இந்தச் சோதனை உதவாது. ஒருவர் மீறாதிருந்தாலும் மற்றவர் தீயே வீட்டை எரித்திருக்கும், இருவருமே தப்பிப்பார்கள். அதைத் தனிக் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கதிர்: எனக்கு இன்னும் ‘இன்றேல்’தான் பிடித்திருக்கிறது.