டையோடு சமன்பாட்டின்படி வெப்பநிலை ஏறினால் முன்னோக்கு மின்னழுத்தமும் ஏற வேண்டும். அளவீட்டில் இறங்குகிறதே, ஏன்?

நுண்சுற்று

ஒரு சிறு சிலிக்கான் டிரான்சிஸ்டரின் அடிவாயையும் ஏற்பானையும் இணைத்து அதை டையோடாகப் பயன்படுத்தி, நிலைமின்னோட்ட மூலத்திலிருந்து 1 மில்லிஆம்பியர் செலுத்தினேன். அதை உறையிலிட்டு நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, 27 பாகை செல்சியசிலும் 77 பாகை செல்சியசிலும், அதாவது ஏறத்தாழ 300 கெல்வினிலும் 350 கெல்வினிலும், மின்னழுத்தத்தை அளந்தேன். முதல் அளவு 655 மில்லிவோல்ட். இரண்டாவது 554 மில்லிவோல்ட். பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்குகிறது.

சமன்பாட்டை மின்னழுத்தத்துக்காக மாற்றி எழுதினால் `V = (kT/q) ln(I/Is)` என்று வருகிறது. 300 கெல்வின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதில் Is ஏறத்தாழ 10⁻¹⁴ ஆம்பியர் எனக் கிடைத்தது. அதை மாறாமல் வைத்துக்கொண்டு T-ஐ மட்டும் 350 ஆக்கினால் விடை 764 மில்லிவோல்ட். அளவீடு இறங்க, கணக்கு ஏறுகிறது.

தெவிட்டு மின்னோட்டமும் வெப்பநிலையோடு மாறும் என்பது நினைவுக்கு வந்ததால், அது 10 பாகைக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்ற விதியைச் சேர்த்தேன்.

```python
from math import log
k = 8.617e-5   # eV/K
def V(T, I=1e-3, Is0=1e-14, T0=300):
    Is = Is0 * 2**((T - T0)/10)
    return k*T*log(I/Is)
```

இப்போது 350 கெல்வினில் 659 மில்லிவோல்ட் வருகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் எங்கே தவறுகிறேன்?

மின்னோட்டம்22

நீங்கள் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். வெப்பநிலை ஏறும்போது kT/q பெரிதாவது மின்னழுத்தத்தை மேலே தள்ளுகிறது. Is பெருகுவதால் மடக்கைக்குள் இருக்கும் விகிதம் சுருங்கி மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. இரண்டில் Is-இன் இழுப்பே வலியது என்பதால் மொத்தத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது. 10 பாகை விதியும் சரியானதே. எத்தனையோ தரவுத்தாள்களில் பின்னோக்கு மின்னோட்டம் அப்படித்தான் பெருகுகிறது. ஆகவே பிழை உங்கள் அளவீட்டில்தான் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்குள் உண்டாகும் வெப்பத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?

நுண்சுற்று

எடுத்தேன். 1 மில்லிஆம்பியருக்கு உள்ளே செலவாகும் திறன் 0.65 மில்லிவாட்தான்; வாட்டுக்கு 200 பாகை என்று வைத்தாலும் உள்வெப்பம் 0.13 பாகைக்கு மேல் போகாது. 100 மில்லிவோல்ட் வேறுபாட்டை அதனால் விளக்க முடியாது.

பழைய ஆய்வகம்

அளவீட்டில் பெரிய பிழை இல்லை. 10 பாகை விதியைத்தான் இங்கே பயன்படுத்தக் கூடாது. மேலே சொன்ன இரண்டு இழுப்புகளின் விளக்கம் சரி. ஆனால் பின்னோக்குச் சார்பில் அளக்கும் கசிவு மின்னோட்டமும் முன்னோக்குச் சமன்பாட்டில் வரும் Is-உம் ஒன்றே என்று கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அவை ஒன்றல்ல என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். 1N4148 டையோடின் தரவுத்தாளில் 25 பாகையில், 20 வோல்ட் பின்னோக்கு மின்னழுத்தத்தில், கசிவின் மேல்வரம்பு 25 நானோஆம்பியர் என்று இருக்கும். அதை Is எனக் கொண்டு உங்கள் சமன்பாட்டில் போட்டால், 1 மில்லிஆம்பியருக்கு 274 மில்லிவோல்ட் வரும். சிலிக்கான் டையோடு எதுவும் அப்படி நடப்பதில்லை. உங்கள் டிரான்சிஸ்டரின் Is 10⁻¹⁴ ஆம்பியர். சாதாரணப் பன்னளவி அதைக் காணவே முடியாது. பின்னோக்கில் எதையாவது அளந்தால், அதில் பெரும்பகுதி வேறு வழியாக வருவதாகவே இருக்கும்.

அந்த வேறு வழி இதுதான். பின்னோக்குச் சார்பில் இயக்கமில்லாப் பகுதி அகன்று நிற்கிறது. சிலிக்கான் படிகத்தில் ஆற்றல் இடைவெளியின் நடுவையொட்டி அமைந்த குறைபாட்டு மட்டங்கள், அந்தப் பகுதிக்குள் எலக்ட்ரான்–துளை இணைகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மின்புலம் அவற்றை உடனே இருபுறமும் இழுத்துவிடுகிறது. இவ்வாறு வரும் மின்னோட்டம் உள்ளார்ந்த ஊர்திச் செறிவாகிய nᵢ-க்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஷாக்லி 1949-இல் தந்த கோட்பாட்டில் இந்தக் கூறு இல்லை. சா, நாய்ஸ், ஷாக்லி மூவரும் 1957-இல் இதைக் கணக்கில் சேர்த்தார்கள். Is-ஐத் தீர்மானிப்பதோ சந்திக்கு வெளியே உள்ள சிறுபான்மை ஊர்திகள். அவற்றின் செறிவு nᵢ²-ஐ மாசுச் செறிவால் வகுத்தால் கிடைப்பது.

இந்த இருபடிதான் எல்லா வேறுபாட்டுக்கும் காரணம். nᵢ-இல் அடுக்குக்குறியாக வருவது ஆற்றல் இடைவெளியின் பாதி. nᵢ²-இல் வருவது முழு இடைவெளி. 300 கெல்வினுக்கு அருகே nᵢ இரட்டிக்க ஏறத்தாழ 9 பாகை வேண்டும். nᵢ² இரட்டிக்க நாலரைப் பாகை போதும். தரவுத்தாள்களில் கசிவு 10 பாகைக்கு ஒருமுறை இரட்டிப்பது முதல் கணக்குக்கு நெருக்கமானது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஆகவே உங்கள் நிரலில் அந்த ஒரு வரியை மாற்றி, மேலே `exp`-ஐயும் இறக்குமதி செய்யுங்கள்.

```python
    Is = Is0 * (T/T0)**3 * exp(1.12/k*(1/T0 - 1/T))
```

50 பாகை ஏற்றத்தில் Is ஏறத்தாழ 770 மடங்காகும். மின்னழுத்தம் 563 மில்லிவோல்ட் என்று வரும். உங்கள் பழைய வரியில் அது 32 மடங்குதான் ஆகியிருந்தது. அந்த 32 மடங்கு kT/q-இன் ஏற்றத்தைச் சரியாக ஈடுகட்டும் அளவில் அமைந்தது தற்செயல். அதனால்தான் உங்களுக்கு ஏற்றமும் இறக்கமும் இல்லாத விடை கிடைத்தது.

வெப்பத்தகடு

எனக்கும் இதே சிக்கல்தான். மின்மாற்றிக்குப் பின்னால் இரண்டு திருத்தி டையோடுகளை இணையாக இணைத்திருந்தேன். ஒன்று மட்டும் மிகச் சூடாகி, கிட்டத்தட்ட முழு மின்னோட்டத்தையும் தானே எடுத்துக்கொண்டு எரிந்துபோயிற்று. மின்னழுத்தம் குறைவது நல்லதுதானே, திறன் இழப்பும் குறைய வேண்டுமே என்று எண்ணியிருந்தேன். அப்படியானால் சூடான டையோடு ஏன் எரிய வேண்டும்?

பழைய ஆய்வகம்

உங்களுடையது இதே சமன்பாட்டின் மறுபக்கம், கேள்வி வேறு. இழையைத் தொடங்கியவர் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கிறார். அதனால் மின்னழுத்தம் இறங்குகிறது. உங்கள் இரண்டு டையோடுகளும் ஒரே மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சூடானதில் மின்னோட்டம் ஏறுகிறது. அவருடைய அளவுகளையே எடுத்துக்கொண்டால், 655 மில்லிவோல்ட்டை அப்படியே வைத்து வெப்பநிலையை 350 கெல்வினாக்கினால், 1 மில்லிஆம்பியர் ஏறத்தாழ 28 மில்லிஆம்பியராகிவிடும். கூடுதல் மின்னோட்டம் கூடுதல் வெப்பம் தர, அந்த வெப்பம் மின்னோட்டத்தை மேலும் ஏற்றுகிறது. ஒவ்வொரு டையோடுக்கும் தொடராக ஒரு சிறு மின்தடை வைத்தாலோ, இரண்டையும் ஒரே வெப்பத்தகட்டில் நெருக்கமாகப் பொருத்தினாலோ இது பெரும்பாலும் அடங்கும். விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி கலைந்துவிடும்.

நுண்சுற்று

மாற்றிய வரி 563 மில்லிவோல்ட் தருகிறது. என் அளவு 554. முன்பிருந்த 100 மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட பிளவு 9 மில்லிவோல்ட்டாகக் குறுகியது பெரிய நிம்மதி. ஆனால் அந்த 9 மில்லிவோல்ட்டும் எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்புகிறேன். மேலும், என் டிரான்சிஸ்டரின் சரிவு உண்மையிலேயே kT/q-தானா, அல்லது பெருக்கெண் n எதையாவது சேர்க்க வேண்டுமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டாமா?

பழைய ஆய்வகம்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதை நீங்களே எளிதில் சோதிக்கலாம். அதே வெப்பநிலையில் 0.1 மில்லிஆம்பியருக்கும் 1 மில்லிஆம்பியருக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளந்து பாருங்கள். n ஒன்றாக இருந்தால் 300 கெல்வினில் 59.5 மில்லிவோல்ட், 350 கெல்வினில் 69.4 மில்லிவோல்ட் வர வேண்டும். இங்கே Is கழிந்துபோகிறது என்பதால் kT/q ஏறுவதை நேரடியாகவே காணலாம். உங்கள் முதல் கணக்கு எதிர்பார்த்த ஏற்றம் மறைந்துவிடவில்லை, இந்த வேறுபாட்டில் உயிரோடு இருக்கிறது. பல வெப்பநிலை உணரிகள் இந்த வேறுபாட்டை அளந்தே வேலை செய்கின்றன. 1N4148 போன்ற தனி டையோடுகளில் இதே சோதனை செய்தால் பெரும்பாலும் n ஒன்றைவிடக் கணிசமாக அதிகமாக வரும். அதனால் டிரான்சிஸ்டரை எடுத்தது நல்ல தேர்வு.

இனி 9 மில்லிவோல்ட். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி மாறிலியல்ல; வெப்பநிலை ஏற ஏறச் சற்றே குறைகிறது. அறை வெப்பநிலையருகே அந்தக் குறைவை ஒரு நேர்க்கோடாகக் கொண்டு 0 கெல்வின் வரை நீட்டினால் 1.2 எலக்ட்ரான்வோல்ட் அளவில் வெட்டும். கணக்கில் 1.12-க்குப் பதிலாக இந்த நீட்டிய மதிப்பைத்தான் இட வேண்டும். 1.206 என்று இட்டுப் பாருங்கள்.

நுண்சுற்று

இட்டேன், 549 மில்லிவோல்ட் வருகிறது. இப்போது கணக்கு என் அளவீட்டைத் தாண்டி 5 மில்லிவோல்ட் கீழே போய்விட்டது. சரிவுச் சோதனையில் 300 கெல்வினில் 59.6 மில்லிவோல்ட்டும், சூடான நிலையில் 69.0 மில்லிவோல்ட்டும் கிடைத்தன. n ஒன்றுக்கு மிக அருகில்தான் இருக்கிறது.

மின்னோட்டம்22

கசிவையும் தெவிட்டு மின்னோட்டத்தையும் நான் ஒன்றாகக் கொண்டது தவறுதான். பழைய ஆய்வகம் காட்டிய 274 மில்லிவோல்ட் கணக்கைப் பார்த்த பிறகு அதில் ஐயமில்லை. ஆனால் அளவீட்டையும் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதை முழுவதும் விட்டுவிட வேண்டாம். 5 மில்லிவோல்ட் என்பது இரண்டரைப் பாகைக்குச் சமம். உறைக்குள் காற்று இருந்தால் டிரான்சிஸ்டர் நீரைவிடக் குளிர்ந்திருக்கலாம். இணைப்புக் கம்பிகளும் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். 69.4-க்குப் பதில் 69.0 கிடைத்ததும் அதையே காட்டுகிறது: அந்த விகிதத்தில் உண்மையான வெப்பநிலை 348 கெல்வின் அளவில்தான் வருகிறது.

பழைய ஆய்வகம்

மிகச் சரியான கவனிப்பு. அதை நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் 0.4 மில்லிவோல்ட் வேறுபாட்டைப் பன்னளவியின் துல்லியமும் இரண்டு மின்னோட்டங்களின் விகிதப் பிழையும் எளிதில் உண்டாக்கும். உங்கள் 59.6-உம் அதே அளவில் விலகியிருக்கக் கூடும். இன்னொரு காரணத்தையும் ஒதுக்க முடியாது: `(T/T0)**3` என்பதில் உள்ள 3 எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானதல்ல. ஊர்திகளின் இயங்குதிறனும் வெப்பநிலையோடு மாறுவதால், மாசுச் செறிவைப் பொறுத்து அந்த அடுக்கு கூடவோ குறையவோ செய்யும். அதை 2 ஆக்கினால் மட்டுமே மின்னழுத்தம் ஏறத்தாழ 4.6 மில்லிவோல்ட் உயர்ந்துவிடும். உங்கள் இரண்டு புள்ளிகளைக் கொண்டு இவற்றுள் எது காரணம் என்று பிரிக்க இயலாது.

உறையை விட்டுவிட்டு, மின்கடத்தா எண்ணெயில் டிரான்சிஸ்டரையும் வெப்பமானியின் முனையையும் ஒன்றாகக் கட்டி அமிழ்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடமாவது காத்திருந்து, 10 பாகை இடைவெளியில் ஆறு புள்ளிகளை எடுங்கள்.

நுண்சுற்று

எண்ணெயும் மெல்லிய கம்பிகளும் கைவசம் உள்ளன. இரண்டு மின்னோட்டங்களிலும் ஆறு புள்ளிகளை எடுத்து, அளவுகளை இதே இழையில் இடுகிறேன். நிரலில் அடுக்கை இப்போதைக்கு 3 ஆகவே விட்டுவைக்கிறேன்.